கொழுத்த குட்டியே முதலில் சாகும்

மாலையில் மற்ற குட்டிகளை முட்டித் தள்ளிவிட்டுத் தொட்டியில் தலையை விட்டுத் தின்ற கிடாக்குட்டி, விடியற்காலையில் கால் விறைத்துக் கிடக்கும். முந்தின நாள் இருமல் இல்லை, சளி இல்லை, கழிச்சல் இல்லை. நோஞ்சான் குட்டி செத்திருந்தாலாவது மனசு ஆறும். செத்துக் கிடப்பதோ பட்டியிலேயே நல்ல எடை கட்டியிருந்த குட்டி. ‘பாம்பு தீண்டியிருக்கும்’ என்பார் ஒருவர். ‘வேண்டாதவன் எவனோ மருந்து வச்சுட்டான்’ என்பார் இன்னொருவர். ‘அப்பவே சொன்னேன், கண்ணு பட்டுப்போச்சு’ என்பாள் வீட்டுப் பாட்டி. மறுநாள் இன்னொரு குட்டி போகும். அதுவும் கொழுத்ததாகவே இருக்கும்.

மூவரில் பாட்டிதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறாள். கண் பட்டதோ இல்லையோ, அந்தக் குட்டி நன்றாகத் தின்று நன்றாக இருந்ததுதான் அது செத்ததற்குக் காரணம். நம் பக்கத்தில் இதைத் துள்ளுமாரி என்கிறார்கள். கால்நடை மருத்துவர்கள் ‘என்டிரோடாக்சீமியா’ என்று எழுதுவார்கள். செம்மறியில் அதிகம், வெள்ளாட்டிலும் உண்டு.

இந்த நோய் பக்கத்து ஊர் மந்தையிலிருந்து தொற்றி வருவதில்லை. இதற்குக் காரணமான ‘க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்’ என்ற பாக்டீரியாவின் ‘டி’ வகை மண்ணில் இருக்கிறது. நோயே இல்லாத ஆடுகளின் குடலிலும் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்வரை அதனால் கெடுதல் இல்லை. அது விடும் சிறிதளவு நச்சு, குடலின் ஓட்டத்தில் சாணத்தோடு வெளியே போய்விடும். கேள்வி எல்லாம், அது திடீரென்று பெருகுவதற்கு யார் வழி செய்கிறார்கள் என்பதுதான்.

ஆட்டின் முதல் வயிறான அசையறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லையும் தட்டையையும் செரிக்கவைப்பவை ஒரு கூட்டம், தானியத்தின் மாவுச்சத்தைச் செரிக்கவைப்பவை வேறொரு கூட்டம். மேய்ச்சலிலேயே வளர்ந்த குட்டியிடம் முதல் கூட்டம் பெருகியிருக்கும், இரண்டாவது குறைவாக இருக்கும். தானியத்தைப் பழக்கினால் இரண்டாவது கூட்டமும் பெருகும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று வாரம் வேண்டும். அதற்குள் ஒரே வேளையில் நிறைய மக்காச்சோள மாவு உள்ளே போனால், செரிக்காத மாவுச்சத்து அசையறையைத் தாண்டிச் சிறுகுடலுக்கு இறங்கிவிடுகிறது. அங்கே சும்மா இருந்த க்ளாஸ்ட்ரிடியத்துக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. சில மணி நேரத்தில் பன்மடங்காகப் பெருகி ‘எப்சிலான்’ என்ற நச்சை வெளியிடுகிறது.

வெளியாகும்போது அந்த நச்சுக்கு முழு வீரியம் இல்லை. புரதத்தைச் செரிப்பதற்காக ஆட்டின் குடலிலேயே இருக்கும் ட்ரிப்சின் என்ற நொதி அதை வெட்டித் தீட்டி, வீரியமுள்ளதாக ஆக்கிவிடுகிறது. அதன்பிறகு நச்சு குடல் சுவரைக் கசியவைத்து ரத்தத்தில் கலக்கிறது. மூளையிலும் நுரையீரலிலும் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரைச் சிதைக்கிறது. குழாய்களிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்குகிறது. குட்டி திடீரென்று துள்ளி விழுவதும், தலையைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு கால்களை நீந்துவதுபோல் உதைப்பதும், வாயில் நுரை தள்ளுவதும் இதனால்தான். பெரும்பாலும் இரவில் நடப்பதால் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. காலையில் பார்த்தால், செத்த குட்டியின் கால் உதைத்த இடத்தில் மண் அரைவட்டமாகச் சீய்க்கப்பட்டிருக்கும். அதுதான் மிஞ்சும் சாட்சி.

குட்டிகள் சில மணி நேரத்தில், சில சமயம் நிமிடங்களில் இறந்துவிடும். வளர்ந்த ஆடு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தள்ளாடும், பல்லைக் கடிக்கும், சிலவற்றுக்குக் கழிச்சல் ஆகும், பிறகு படுத்துவிடும்.

தானியம் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. தாயிடம் பால் நிறைய இருந்து, ஒற்றைக் குட்டியாகப் பிறந்து முழுப் பாலையும் தானே குடிக்கும் குட்டிக்கும் இது வரும். காய்ந்து கிடந்த நிலத்தில் மழை பெய்து, பத்துப் பதினைந்து நாளில் இளம்புல் பச்சைப்பசேல் என்று கிளம்பும்போது மந்தையை அவிழ்த்துவிட்டால் வரும். அறுவடை முடிந்த வயலில் கதிரும் மணியும் சிந்திக் கிடக்க, ஆடு வயிறு முட்டத் தின்றாலும் வரும். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே: பழகாத வளமான தீனி, ஒரே மூச்சில், அளவுக்கு மீறி.

இப்போது துள்ளுமாரி அதிகம் பயமுறுத்துவது கிடை போடும் கீதாரிகளைவிட, குட்டி வாங்கிக் கொழுக்கவைத்து விற்கும் பரண் வளர்ப்புக்காரர்களைத்தான். எனவே அங்கே நடப்பதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். பக்ரீத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஒருவர் சந்தையில் 20 செம்மறிக் கிடாக்குட்டிகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது மூன்று, நான்கு மாதம். எடை சராசரியாக 12 கிலோ. அதுவரை மேய்ச்சலைத் தவிர வேறு எதையும் கண்டறியாத குட்டிகள். 90 நாளில் எடை கூட்ட வேண்டும் என்ற அவசரத்தில், குட்டிக்கு 200 கிராம் என்று கணக்குப் போட்டு, வந்த மறுநாளே 4 கிலோ அரைத்த மக்காச்சோளத்தைத் தொட்டியில் கொட்டுகிறார்.

கணக்கில் ஆளுக்கு 200 கிராம்தான். தொட்டியில் அப்படி நடக்காது. வலுத்த நாலைந்து குட்டிகள் முன்னால் நின்று ஆளுக்கு 400, 500 கிராம் விழுங்கிவிடும். பயந்த குட்டிகள் பின்னால் நின்று ஒரு வாய்கூடக் கிடைக்காமல் திரும்பும். இரண்டு மூன்று நாளில் சாவது அந்த வலுத்த குட்டிகள். சராசரிக் கணக்கு நம்மை ஏமாற்றும் இடம் இது. தீவனத்தை நிறுத்துப் போட்டவர்கூட ‘அளவாகத்தானே போட்டேன்’ என்று மனம் நொந்து சொல்வார், சொல்வது பொய்யில்லை.

அதே 20 குட்டிகளை வேறு விதமாக நடத்தலாம். வந்ததும் நான்கைந்து நாள் தானியமே வேண்டாம். சந்தையில் நின்ற களைப்பும் வண்டியில் வந்த அதிர்ச்சியும் தீர, தண்ணீரும் கடலைக்கொடியும் சோளத்தட்டையும் போதும். ஆறாம் நாள் குட்டிக்கு 50 கிராம் அடர்தீவனம், அதாவது மொத்தம் ஒரு கிலோ, காலையில் பாதி மாலையில் பாதி. பிறகு மூன்று நாளைக்கு ஒருமுறை குட்டிக்கு 30 கிராம் கூட்டுங்கள். ஒன்பதாம் நாள் 80, பன்னிரண்டாம் நாள் 110 என்று ஏறி, 21-ஆம் நாள் 200 கிராமில் நிற்கும். நான்காம் வாரக் கடைசியில் 250 கிராமைத் தொடலாம். நடுவில் எப்போதாவது சாணம் இளகினாலோ, தொட்டியில் தீவனம் மிஞ்சினாலோ ஏற்றத்தை நிறுத்தி, முந்தைய அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும். மழையாலோ வேறு காரணத்தாலோ இரண்டு நாள் தீவனம் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் பாதி அளவிலிருந்து மறுபடி ஏறுவது நல்லது. பசித்த குட்டி வழக்கத்தைவிட வேகமாக விழுங்கும்.

இந்த அளவுகளை எல்லாம் தராசில் நிறுக்க வேண்டும். படியால் அளந்தால் முழுமணி ஒரு எடை நிற்கும், குருணை ஒரு எடை நிற்கும், தவிடு கலந்தது இன்னொரு எடை நிற்கும். மக்காச்சோளத்தை மாவாக அரைக்காமல் ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். மாவு அசையறையில் மிக வேகமாகப் புளிக்கும். தானியத்துக்கு முன்னால் உலர்தீவனம் கொடுத்துவிட்டால் குட்டி வெறும் வயிற்றோடு பாயாது. தொட்டியில் எல்லாக் குட்டிகளும் ஒரே நேரத்தில் நிற்க இடம் வேண்டும். இந்த எடையில் குட்டிக்கு ஓரடி என்று வைத்தால், இரண்டு பக்கமும் நின்று தின்னும் பத்தடித் தொட்டி 20 குட்டிக்குச் சரியாக இருக்கும். பணம் போட்டுப் பரண் கட்டுகிறவர்கள் பலர் தொட்டியில்தான் கையை இறுக்குகிறார்கள். அந்தச் சிக்கனம் இரண்டு குட்டி செத்ததுமே செலவாகிவிடும்.

இங்கே சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமில்லாமல் ஆட்டுக்கு வைப்பதும், அவிழ்ந்துகொண்ட ஆடு அரிசி மூட்டையில் வாய் வைப்பதும் ஊருக்கு ஊர் நடப்பது. இதில் சாகும் ஆடுகள் எல்லாம் துள்ளுமாரியில் சாவதில்லை. அசையறையில் சோறு புளித்து, அமிலம் மிகுந்து சாவது வேறு ஒரு கோளாறு. அதில் ஆடு அநேகமாக ஒரு நாள், இரண்டு நாள் கிடக்கும். வயிறு தளதளவென்று தண்ணீர் கட்டியதுபோல் இருக்கும், கண் குழி விழும், கழிச்சல் புளித்து நாறும். சீக்கிரம் மருத்துவரிடம் போனால் பிழைக்கவைக்க வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் தொடக்கம் ஒரே தொட்டிதான். தடுப்பூசி தடுப்பது துள்ளுமாரியை மட்டும். ‘ஊசி போட்டாச்சு, இனி எவ்வளவு வேணும்னாலும் தின்னட்டும்’ என்று நினைக்கிறவர்களின் ஆடுகள் இந்த அமிலக் கோளாறில் போகும்.

துள்ளுமாரித் தடுப்பூசி நமக்குப் புதியதல்ல. 1930-களின் தொடக்கத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில், நன்றாக மேய்ந்த செம்மறிகள் மர்மமாகச் செத்துக்கொண்டிருந்தபோது, ஹரோல்ட் பென்னட்ஸ் என்ற கால்நடை நோயியலாளர் குடலில் உருவாகும் நச்சுதான் காரணம் என்று கண்டு, 1932-இல் அதை விரிவாக எழுதினார். நச்சை வீரியம் இழக்கச்செய்து உடலுக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்தினால் எதிர்ப்பு உண்டாகும் என்பதுதான் தடுப்பூசியின் அடிப்படை. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது. தனியார் நிறுவனங்களின் மருந்தும் கிடைக்கிறது.

ஊசி போடுகிறவர்கள் தவறும் இடம் இரண்டாம் தவணை. முதன்முறை ஊசி போடும் ஆட்டுக்கு ஒரு தவணை மட்டும் போதாது. முதல் ஊசி உடலுக்கு நச்சை அடையாளம் காட்டுவதோடு நின்றுவிடும். நம்பத்தக்க எதிர்ப்பு, மூன்று நான்கு வாரம் கழித்துப் போடும் இரண்டாம் ஊசிக்குப் பிறகே உருவாகும். அதற்கும் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். பிறகு வருடம் ஒருமுறை போட வேண்டும். மழைக்காலத்தில் புல் கிளம்பும் வட்டாரங்களில், அதற்கு முன்னால் எதிர்ப்பு உருவாகியிருக்கும்படி மாதத்தைக் கணக்கிட வேண்டும். சினையாடுகளுக்கு ஈனுவதற்கு நாலைந்து வாரம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் எதிர்ப்பு போய்ச் சேரும். குட்டி பிறந்ததும் சீக்கிரமே சீம்பால் குடித்திருந்தால்தான் இது நன்றாகப் பலிக்கும். அப்படிப்பட்ட தாயின் குட்டிகளுக்கு இரண்டிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவற்றுக்கே உரிய முதல் ஊசியைத் தொடங்கலாம்.

நம் 20 குட்டிகளுக்குத் திரும்புவோம். சந்தைக் குட்டிக்கு முன்பு ஊசி போட்டார்களா என்பது தெரியப்போவதில்லை. போடவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஆறாம் நாள் முதல் ஊசி. 27-ஆம் நாள் இரண்டாவது. எதிர்ப்பு முழுதாக உருவாக ஏறக்குறைய 40-ஆம் நாள் ஆகிவிடும். தீவனமோ நான்காம் வாரக் கடைசியிலேயே முழு அளவைத் தொட்டுவிடுகிறது. அதாவது முதல் 40 நாள் இந்தக் குட்டிகளைக் காப்பாற்றப்போவது ஊசி இல்லை. மூன்று நாளைக்கு 30 கிராம் என்று ஏறும் அந்த நிதானம்தான். ஊசிக்கு முந்திக்கொண்டு தீவனத்தை ஏற்றுகிறவர், ஊசியும் போட்டுக் குட்டியையும் இழக்கிறார். பிறகு ‘ஊசி வேலை செய்யல’ என்று ஊரெல்லாம் சொல்கிறார்.

ஊசி உண்மையிலேயே வேலை செய்யாமல் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்து கெட்டுவிட்டது, உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் பயனில்லை. வீட்டுக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் ஐஸ் பக்கத்தில் வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. குப்பியின் அடியில் மருந்து படிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கி எடுக்காவிட்டால் முதல் ஆடுகளுக்குத் தெளிநீரும் கடைசி ஆடுகளுக்குக் கெட்டி மருந்தும் போகும். தோலுக்கு அடியில், குப்பியில் எழுதியிருக்கும் அளவில் போட வேண்டும். போட்ட இடத்தில் சிறு கட்டி எழும்பினால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தானே கரைந்துவிடும்.

வெள்ளாடு வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இந்த ஊசி செம்மறியைக் காக்கும் அளவுக்கு வெள்ளாட்டைக் காப்பதில்லை, எதிர்ப்பும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் வருடம் ஒருமுறைக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லும் மருத்துவர்கள் பலர். நோயின் முகமும் வெள்ளாட்டில் மாறும். திடீர் சாவு உண்டு என்றாலும், சளியும் ரத்தமும் கலந்த கழிச்சல், வலியில் கத்தல், இரண்டு மூன்று நாள் இழுபறி என்று வருவது அதிகம். இதைக் குடற்புழுக் கழிச்சல் என்று எண்ணிப் பூச்சி மருந்தை ஊற்றிக்கொண்டே நாளைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆடு செத்துவிட்டது, துள்ளுமாரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் ஒன்றைப் பாருங்கள். மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வடிந்திருந்தால் அந்த உடலைக் கீறவே கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம். கீறுகிற மனிதருக்கும் தொற்றும். அந்த அறிகுறி இல்லை என்றால் சில மணி நேரத்துக்குள் கால்நடை மருத்துவரை அழைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்ல வேண்டும். இதயத்தைச் சூழ்ந்த பையில் வைக்கோல் நிற நீர் தேங்கியிருக்கும், காற்றுப் பட்டதும் அது கூழாக உறையும். சிறுநீர்ப்பையில் மிஞ்சிய சிறுநீரில் மனிதருக்குச் சர்க்கரை பார்க்கும் பட்டையை நனைத்தால், பெரும்பாலும் சர்க்கரை இருப்பதாகக் காட்டும். நச்சு ஈரலில் சேமித்த சர்க்கரையை ரத்தத்துக்குத் திறந்துவிடுவதால் அது சிறுநீரிலும் இறங்குகிறது. சிறுநீரகம் கூழாகக் குழைந்திருப்பதைப் பெரிய அடையாளமாகச் சொல்வார்கள். ஆனால் வெயிலில் அரை நாள் கிடந்த எந்த ஆட்டின் சிறுநீரகமும் குழைந்துதான் இருக்கும், அதை மட்டும் நம்பக் கூடாது. உறுதி வேண்டுமானால் சிறுகுடலில் உள்ள நீரைப் பாட்டிலில் எடுத்து ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே தேடுவது நச்சை. பாக்டீரியா மட்டும் கிடைத்தால் அது சான்று ஆகாது. நல்ல ஆட்டின் குடலிலும் அது இருக்கும் என்று முன்பே பார்த்தோம்.

நோய் கண்ட ஆட்டைப் பிழைக்கவைப்பது அநேகமாக முடியாத காரியம். பென்சிலினும் வாய்வழி மருந்துகளும் கொடுத்துப் பார்ப்பார்கள். மெதுவாக நோய் வரும் வளர்ந்த ஆடுகளில் சில தப்பும். ஆனால் ரத்தத்தில் கலந்துவிட்ட நச்சை அந்த மருந்துகளால் திரும்ப எடுக்க முடியாது. மிஞ்சியிருக்கும் மந்தையைக் காப்பதுதான் அன்றைய வேலை. அன்றே தானியத்தை நிறுத்திவிட்டு உலர்தீவனத்துக்கு மாற்றுங்கள். இளம்புல்லில் மேய்ந்தவை என்றால் காய்ந்த இடத்துக்கு ஓட்டுங்கள், அல்லது பட்டியிலேயே வைக்கோலைப் போட்டு நிறுத்துங்கள். பல நேரம் தீவனத்தை மாற்றிய ஓரிரு நாளில் சாவு நின்றுவிடும். மற்ற ஆடுகளுக்கு ஊசியும் போட வேண்டும், ஆனால் அது நாளைக்கே காக்காது என்பதை நினைவில் வையுங்கள். செத்த ஆட்டை ஆற்றோரத்திலோ ஊருக்கு வெளியிலோ வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கறிக்கு அறுத்து விற்பதும் கூடாது. அப்படிச் செய்கிறவர்கள் இருப்பதால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் கால்நடைக்கான அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆனால் துள்ளுமாரியில் அந்த வண்டி வந்து சேரும்போது குட்டி பெரும்பாலும் இறந்திருக்கும். ஆகவே குட்டி வாங்கும் அன்றே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஊசிக்குச் சொல்லிவையுங்கள். இரண்டாம் ஊசியின் தேதியையும் தீவனம் கூட்டும் தேதிகளையும் பரண் கம்பத்தில் மாட்டிய காலண்டரில் அப்போதே குறித்துவிடுங்கள்.